மைக் முன் முதல் அரை நிமிடம்

1891 ஜூன். லண்டனில் சட்டப் படிப்பை முடித்து ஊர் திரும்பவிருந்த 21 வயது இளைஞர் ஒருவர், தம் சைவ உணவு நண்பர்களை ஹோல்பர்ன் உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். விருந்து கொடுப்பவர் நாலு வார்த்தை பேசுவது அந்த ஊர் வழக்கம். அவரும் யோசித்து யோசித்துச் சில வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். நகைச்சுவையாகத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். ஆங்கில எழுத்தாளர் ஜோசப் அடிசன், நாடாளுமன்றத்தில் தம் கன்னிப் பேச்சின்போது ஒரே தொடரை மூன்று முறை சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் நின்றதாக ஒரு துணுக்கு உண்டு. அதை எடுத்துச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் ஓடவில்லை. அடுத்த வாக்கியம் நினைவிலிருந்து முழுவதுமாக அழிந்துபோயிருந்தது. வந்தவர்களுக்கு நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. ‘சத்திய சோதனை’யில் இந்த நிகழ்ச்சியை அவரே எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றையும் சொல்கிறார். வெண்ட்னர் என்ற ஊரில் சைவ உணவுக் கூட்டம் ஒன்று. பேச்சைப் பார்த்துப் படிப்பதில் தவறில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுதி எடுத்துப் போனார். முழுசாக ஒரு தாள்கூட வராத பேச்சு. எழுந்து நின்றதும் கண் மங்கியது, உடம்பு நடுங்கியது. உடன் வந்த மஜும்தார்தான் அதை வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு முறை மனப்பாடம் கைவிட்டது, இன்னொரு முறை எழுதிய தாள் கைவிட்டது. இரண்டும் மிகச் சிறிய பேச்சுகள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. நீண்ட சொற்பொழிவை விட, இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்க வேண்டியவருக்கே நடுக்கம் அதிகத் தொல்லை தருகிறது. பள்ளி ஆண்டு விழாவில், புத்தக வெளியீட்டில், அரிமா சங்கக் கூட்டத்தில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் பொறுப்பு வந்து சேர்ந்தவர்கள் அனுபவிப்பது இதைத்தான்.

காரணம் இருக்கிறது. மேடைப் பதற்றம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதை ரால்ஃப் பென்கி, கிறிஸ் சாயர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். பேச வேண்டும் என்று அறிவிக்கும் கணத்தில் பதற்றம் எகிறுகிறது. தயாரிப்பில் இறங்கியதும் தணிகிறது. பேச எழும் நேரம் நெருங்க நெருங்க மறுபடி ஏறி, மற்ற எல்லாக் கட்டத்தையும் விட உயரத்துக்குப் போகிறது. பேசத் தொடங்கிய பிறகு உடம்பு மெல்ல மெல்லப் பழகி இறங்கி வருகிறது. அரை மணி நேரம் பேசுபவருக்கு முதல் சில நிமிடங்கள் மட்டுமே கஷ்டம், மீதி நேரம் நிம்மதி. அறிமுகம் செய்பவருக்கு அந்த இறக்கம் கிடைப்பதே இல்லை. உடம்பு பழகுவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆகவே அவர் நம்பியிருக்கக் கூடியது மேடை ஏறுவதற்கு முன்பே செய்து முடித்த வேலையை மட்டுமே. அந்த வேலை மூன்று இடங்களில் இருக்கிறது: மூச்சில், முதல் வாக்கியத்தில், கையில் பிடிக்கும் அட்டையில்.

மூச்சிலிருந்து தொடங்கலாம். நம் ஊர் விழாக்களின் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அறிமுகக்காரரின் சங்கடம் புரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, அதன் பிறகுதான் சிறப்பு விருந்தினர் அறிமுகம். தலைமையுரை பத்து நிமிடம் என்று அச்சிட்டிருக்கும். இருபத்தைந்து நிமிடம் ஓடும். அந்த நேரம் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து, அடுத்தது நாம்தான், அடுத்தது நாம்தான் என்று காத்திருக்க வேண்டும். இதயம் அடித்துக்கொள்வதும், உள்ளங்கை வியர்ப்பதும், நாக்கு வறள்வதும் அந்தக் காத்திருப்பில்தான். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. ஓட வேண்டியவனுக்கு எச்சில் தேவையில்லை, அதனால் வாய் உலர்கிறது. தசைகள் முறுக்கேறுகின்றன. அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த முறுக்கு விரல் நடுக்கமாக வெளிப்படுகிறது.

இந்த ஏற்பாட்டில் இதயத் துடிப்பையோ வியர்வையையோ நாம் நேராக உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. மூச்சை மட்டும் முடியும். தானாகவும் ஓடும், நாம் பிடித்தால் நம் சொல்லும் கேட்கும். அதனால்தான் எல்லோரும் மூச்சைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆனால் ‘நல்லா மூச்சை இழுத்து விடுப்பா’ என்று மேடைக்குப் பக்கத்தில் கிடைக்கும் அறிவுரையில் பாதிதான் சரி. பயந்தவர் அதைக் கேட்டு இழுப்பதில்தான் கவனம் வைப்பார். தோள் உயர உயர, நெஞ்சு விம்ம, நான்கைந்து முறை வேகமாக இழுப்பார். ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறும். தலை லேசாகச் சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும். ‘ஐயோ, மயக்கம் வருகிறதே’ என்று பதற்றம் இரண்டு மடங்காகும். மூச்சுப் பயிற்சி தவறாகப் போகிறது என்பதற்கு இந்த மரமரப்பே அடையாளம். அப்போது செய்ய வேண்டியது, ஆழமாக இழுப்பதை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுவது. ஓரிரு நிமிடங்களில் சரியாகிவிடும்.

வேலை செய்வது வெளிமூச்சு. மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டால் இதை நாமே உணரலாம். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது, விடும்போது தாமதமாகிறது. இளம் வயதினரிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் கடிவாளம் வெளிமூச்சின்போது இறுகுவதுதான் இதற்குக் காரணம். ஆகவே வெளிமூச்சை நீளமாக்கினால், கடிவாளம் இறுகியிருக்கும் நேரமும் நீளும்.

முறை எளிது. வாயை மூடி, மூக்கு வழியாக மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை இழுக்க வேண்டும். தோள் அசையக்கூடாது, வயிறு முன்னால் வர வேண்டும். பிறகு ஆறு எண்ணும் வரை, அவசரமே இல்லாமல் விட வேண்டும். நொடிக்கு ஒன்று என எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூன்று நிமிடம் போதும். பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடத் தெரியாது. ஆறு எண்ணுவது கஷ்டமாக இருந்தால் மூன்றுக்கு இழுத்து ஐந்துக்கு விடலாம். எண்ணிக்கை முக்கியமில்லை, விடுவது இழுப்பதை விட நீளமாக இருந்தால் சரி. இதைத் தலைமையுரை முடியும் தறுவாயில் செய்ய வேண்டும். காலையில் வீட்டில் செய்துவிட்டு வந்தது மாலை ஐந்து மணிக்குக் கைகொடுக்காது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வெளிமூச்சை நீட்டும் பயிற்சியைத் தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களை விடக் கூடுதலாக மேம்பட்டது. அது ஒரு மாதப் பழக்கத்தின் பலன். வாழ்க்கையில் முதல்முறையாக மேடைக்குப் பின்னால் நின்று செய்து பார்ப்பவருக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, படுக்கப் போகும்போது சில நிமிடம் பழகி வைத்தால், அன்றைக்கு அது புதுச் சுமையாக இருக்காது. அப்படிப் பழகியவருக்கும் நடுக்கம் முழுதாக மறைந்துவிடாது. குரல் எழும்பும் அளவுக்கு, கண் எழுத்தைப் பார்க்கும் அளவுக்குத் தணியும். அறிமுக உரைக்கு அந்த அளவே போதும்.

மேடைப் படியேறி மைக்கை அடைவதற்குள் கொஞ்சம் இரைக்கும். பெயரைக் கூப்பிட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தவர்கள், அந்த இரைப்போடேயே ‘அனைவருக்கும்’ என்று தொடங்கி, ‘வணக்கம்’ என்பதற்குள் காற்றுத் தீர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். மைக்கின் உயரத்தைச் சரிசெய்யும் சாக்கில் ஒரு முழு வெளிமூச்சு விட்டு, அடுத்த உள்மூச்சு தானாக வந்த பிறகு வாய் திறக்க வேண்டும். மேடையில் நிற்பவருக்கு அந்த இரண்டு மூன்று நொடி யுகமாகத் தோன்றும். கூட்டத்துக்கு அது மைக் சரிசெய்யும் நேரம், அவ்வளவுதான்.

அடுத்தது முதல் வாக்கியம். அறிமுக உரை முழுவதையும் மனப்பாடம் செய்யலாமே என்று பலருக்குத் தோன்றும். அந்தப் பாதையில் போனவர்களில் மிகப் பெரிய பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். இளம் வயதில் அவர் பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்து பேசுவார். 1904 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொழிற்சங்க மசோதா பற்றி முக்கால் மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டே வந்தவர், ஒரு வாக்கியத்தின் நடுவில் சிக்கினார். அடுத்த சொல் வரவில்லை. தேடினார், கிடைக்கவில்லை. அவைக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார். அதன் பிறகு குறிப்புகள் இல்லாமல் முக்கியமான பேச்சுக்கு அவர் எழுந்ததில்லை. முழு மனப்பாடத்தின் ஆபத்து இதுதான். ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நடுவில் ஒன்று அறுந்தால் அடுத்ததை எட்டிப் பிடிக்க வழியில்லை.

அதனால் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் மனத்தில் ஏற்ற வேண்டும். பதற்றம் உச்சத்தில் நிற்கும் அந்தக் கணத்தில் புதிதாக யோசித்து வாக்கியம் அமைக்க மூளைக்கு வசதிப்படாது. பழக்கப்பட்ட வாக்கியத்தை வாய் தானாகவே சொல்லிவிடும். சொன்னதும் தன் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும், கூட்டம் நிமிர்ந்து பார்க்கும். அந்த ஐந்தாறு நொடிக்குள் கண் அட்டைக்குப் போய் அடுத்த செய்தியை எடுத்துக்கொள்ளும்.

தமிழ் மேடையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் வாக்கியத்துக்கு முன்னால் விளிப்பு வருகிறது. ‘விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும்...’ என்று நீளும் அந்தப் பட்டியலில்தான் பலரும் முதலில் தடுக்கி விழுகிறார்கள். ஒருவர் பெயர் விட்டுப்போகும், பட்டம் மாறும், நடுவில் இன்னொருவர் வந்து மேடையில் அமர்ந்திருப்பார். விட்டுப்போனது நினைவுக்கு வந்ததும் மனம் அங்கேயே நின்றுவிடும். வரவேற்புரை நிகழ்த்தியவர் ஏற்கெனவே எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றுவிட்டார். அறிமுகம் செய்பவர் மறுபடி அதைச் செய்ய வேண்டிய கடமை இல்லை. ‘மேடையில் இருக்கும் பெரியோர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம்’ போதும். பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விழாக் குழு வற்புறுத்தினால் பெயர்களை அட்டையில் எழுதி, பார்த்தே படிக்கலாம். பெயர்களைப் பார்த்துப் படிப்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியது வணக்கத்துக்கு அடுத்து வரும் வாக்கியத்தை.

அந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? இங்கே மூச்சும் மொழியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மூச்சை வெளியே விட்டுக்கொண்டேதான் நாம் பேசுகிறோம். பதற்றத்தில் மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுவதால் காற்று சீக்கிரம் தீர்கிறது, வாக்கியத்தின் கடைசிப் பகுதி தேய்ந்து போகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அறிமுகத்தில் ஆளின் பெயரும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆக, கூட்டத்துக்குக் கேட்க வேண்டிய பகுதிதான் கேட்காமல் போகிறது.

மயில்சாமி அண்ணாதுரை ஒரு பள்ளி விழாவுக்கு வருகிறார், ஓர் ஆசிரியை அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தொடக்கம் இப்படி இருக்கும்: ‘1958ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1982ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் இணைந்து, படிப்படியாக உயர்ந்து, சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராகத் திகழ்ந்து...’ எழுத்தில் குற்றமில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ‘பயின்று’ தாண்டுவதற்குள் ஒரு மூச்சு முடிந்துவிடுகிறது. நடுங்கும் ஒருவருக்குக் ‘கோதவாடி’யோடேயே முடியும். போதாக்குறைக்கு, முதல் வாக்கியத்திலேயே இரண்டு ஆண்டுகள், ஓர் ஊர், இரண்டு நிறுவனங்கள். எங்கே தவறினாலும் முழு வாக்கியமும் சரியும்.

அதையே அவர் இப்படித் தொடங்கலாம்: ‘நிலவுக்கு இந்தியா அனுப்பிய முதல் விண்கலத்தை வழிநடத்தியவர், இதோ நம் மேடையில் இருக்கிறார்.’ ஒரே மூச்சில் முடிகிறது. எண் இல்லை, நாக்கைச் சுழற்றும் பெயர் இல்லை. மாணவர்களின் தலை நிமிரும். நகைச்சுவையும் இதில் இல்லை. முதல் வாக்கியத்தில் சிரிப்பை நம்புவது சூதாட்டம். சிரிப்பு வராவிட்டால் பேசுபவரின் பதற்றம் இன்னும் ஏறும். காந்தி மாட்டிக்கொண்டதும் அப்படி ஒரு துணுக்கில்தான். அதைவிடப் பெரிய குறை, அதற்கு அடுத்து எங்கே போவது என்பதற்கு அவர் கையில் ஒரு குறிப்பும் இல்லாதது.

இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்து ஏற்றுவதில் பயனில்லை. தாளை மூடிவிட்டு, நின்றுகொண்டு, மேடையில் பேசும் அதே உரத்த குரலில் சொல்லிப் பார்க்க வேண்டும். மறந்தால் உடனே தாளைப் பார்க்காமல், கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். நினைவிலிருந்து தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதை பலப்படுகிறது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. ஒரே இரவில் ஐம்பது முறை சொல்வதை விட, நான்கைந்து நாட்களுக்குக் காலையும் மாலையும் சில முறை சொல்வது நன்றாக நிற்கும். பாத்திரம் கழுவும்போது, மாடிப்படி ஏறும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது சொல்லிப் பார்க்கலாம். வீட்டில் இருப்பவரிடம் சொல்லி வைத்து, எதிர்பாராத நேரத்தில் ‘அடுத்து அறிமுக உரை’ என்று அவர் குரல் கொடுத்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உடனே தொடங்க வேண்டும். தூக்கக் கலக்கத்திலும் தடுமாறாமல் வந்தால் வாக்கியம் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சொல் மாறி வருகிறது என்றால், அந்த இடத்தில் அவருடைய வாய்க்கு இயல்பில்லாத சொல் ஒன்று இருக்கிறது. நினைவைத் திட்டாமல், வாய்க்கு வரும் சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதுவதே நல்லது.

‘எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, தவறிருந்தால் மன்னியுங்கள்’ என்று தொடங்குபவர்கள் உண்டு. தன் நடுக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்ற நினைப்புதான் அப்படிச் சொல்ல வைக்கிறது. உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று நினைத்தார்களோ, கேட்டவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே தெரிந்திருந்தது. இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே எடுத்துச் சொன்னபோது, பேசியவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சுக்குள் இடிக்கும் முரசு முதல் வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை. மன்னிப்பைக் கேட்பவர், இல்லாத குறையைத் தேடும்படி கூட்டத்துக்குத் தாமே சொல்லிக் கொடுக்கிறார்.

இனி அட்டை. காந்தியின் வெண்ட்னர் தாளில் என்ன கோளாறு? அடர்த்தியான வாக்கியங்கள் நிறைந்த தாள், பதறும் கண்ணுக்கு ஒரே கறுப்புப் பரப்பாகத் தெரியும். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தால், விட்ட வரி எது என்று தேட வேண்டும். அதற்குமேல், சாதாரண ஏ4 தாள் மெல்லியது. கையின் சிறு நடுக்கத்தைத் தாளின் மறுமுனை பெரிதாக்கிக் காட்டும், மைக்குக்குப் பக்கத்தில் சரசரக்கும். கைப்பேசியைப் பார்த்துப் பேசலாம் என்றால், திரை அணைந்து பூட்டிக்கொள்ளும், நடுவில் அழைப்பு வரும். உள்ளங்கை அளவுக்கு, மூன்று அங்குலம் அகலமும் ஐந்து அங்குலம் நீளமும் உள்ள தடித்த அட்டை இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் தீர்க்கிறது. கடையில் இதற்கென்றே கிடைக்கிறது. இல்லாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். கனமும் சரியாக இருக்கும்.

இரண்டு நிமிட அறிமுகம் என்பது ஏறத்தாழ 200 சொல். அதற்கு மூன்று அட்டைக்கு மேல் தேவைப்படாது. ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், திருப்பும் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. மூலையில் பெரிதாக 1, 2, 3. இடது மூலையில் ஓட்டை போட்டு ஒரு டேக் கட்டிவிட்டால் கீழே விழுந்தாலும் வரிசை மாறாது. எழுத்து, அட்டையைத் தரையில் வைத்துவிட்டு நின்று பார்த்தால் படிக்க முடிகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மேடை விளக்கு கண்ணுக்கு நேராக அடிக்கும் என்பதால் பென்சிலும் வெளிர் நீலமும் உதவாது, கறுப்பு மைதான்.

என்ன எழுதுவது என்பதில்தான் அட்டையின் பலன் இருக்கிறது. மனம் தானே சொல்லிவிடக் கூடியதை எழுதத் தேவையில்லை. பதற்றத்தில் முதலில் நழுவும் பெயரையும் ஆண்டையும் எண்ணையும் எழுத வேண்டும். அந்த ஆசிரியையின் அட்டைகள் இப்படி இருக்கலாம்.

முதல் அட்டை:
வணக்கம்
நிலவுக்கு இந்தியா அனுப்பிய முதல் விண்கலத்தை வழிநடத்தியவர், இதோ நம் மேடையில் இருக்கிறார்.
கோதவாடி, பொள்ளாச்சி பக்கம்

இரண்டாம் அட்டை:
1982 இஸ்ரோ
சந்திரயான்-1: 22 அக்டோபர் 2008
நிலவில் நீரின் தடயம்: 2009

மூன்றாம் அட்டை:
செவ்வாய், மங்கள்யான்: 2013
பத்மஸ்ரீ 2016
இன்று பேசும் தலைப்பு
டாக்டர் மயில்சாமி அண்ணாதுரை அவர்களை அன்போடு அழைக்கிறேன்.

முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டுமே முழுதாக இருக்கின்றன. முதல் வாக்கியம் மனப்பாடம்தான். ஆனாலும் எழுதியிருக்கிறது என்ற நினைப்பே மறதியின் பயத்தைப் பாதி குறைக்கும். அதற்கு அடியில் இருக்கும் ‘கோதவாடி’தான் முக்கியமான சொல். வாய் மனப்பாட வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் கண் போய் நிற்கும் படி அது. ஹோல்பர்ன் விருந்தில் இல்லாதது அந்த ஒரு சொல்தான். நடுவில் உள்ளவை வெறும் துண்டுகள். ‘1982 இஸ்ரோ’ என்பதைப் பார்த்ததும் வாக்கியம் அந்த நேரத்தில் வாயில் உருவாகும். ஒத்திகைக்கு ஒத்திகை கொஞ்சம் மாறும், மாறட்டும். படிப்பதுபோல் இல்லாமல் பேசுவதுபோல் கேட்பதற்கு அதுவே காரணம்.

சர்ச்சிலின் பிற்காலக் குறிப்புகள் நேர்மாறானவை. பேச்சு முழுவதையும் அவர் தட்டச்சு செய்து வைத்துக்கொள்வார். ஆனால் பத்தி பத்தியாக இருக்காது. ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக, கவிதைபோல் உடைத்து உடைத்து அடித்திருப்பார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதை வரியின் வடிவமே சொல்லும். துண்டுச் சொற்களை நம்பிப் பேசத் துணிவில்லாதவர்கள் இந்த முறையைப் பின்பற்றலாம், அட்டைகள் ஐந்தாறு ஆகும். மூச்சு விடும் இடத்தில் வரியை உடைப்பது என்ற ஒன்றை மட்டுமாவது யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் பிடிக்கும் விதமும் பழக வேண்டியது. மைக்கை வலது கையில் பிடித்தால் அட்டை இடது கையில், நெஞ்சுக்குச் சற்றுக் கீழே. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் நடுக்கம் பாதி அடங்கும். பார்க்கும்போது பேசாமல் இருக்க வேண்டும், பேசும்போது அட்டையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். குனிந்து ஒரு துண்டை எடுத்து, நிமிர்ந்து, ஒரு முகத்தைப் பார்த்து, பிறகு வாய் திறக்க வேண்டும். நடுவில் வரும் அந்தச் சிறு இடைவெளியில் மூச்சும் தானாக உள்ளே வந்துவிடும். பதறுபவர்கள் இந்த இடைவெளியை வெறுத்து, அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசித் தள்ளுவார்கள். அப்போது மைக் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் ஆகிக் குரல் விட்டு விட்டுக் கேட்கும். வீட்டில் கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தால் இது உடனே கண்ணில் படும். பேசுபவரின் உச்சந்தலைதான் பெரும்பாலும் தெரிகிறது என்றால் அட்டையில் எழுத்து அதிகமாகிவிட்டது என்று பொருள். சொற்களைக் குறைத்து மறுபடி எழுத வேண்டும்.

பயின்றது மேடையிலேயே மெல்லப் படிந்து வருவதற்கும் காந்தியே சான்று. 1896இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் துயரத்தை எடுத்துச் சொல்ல அவர் இந்தியா வந்தபோது, பம்பாய்க் கூட்டத்துக்குப் பேச்சை முன்கூட்டியே எழுதி அச்சிட்டு வைக்கும்படி பெரோஸ்ஷா மேத்தா சொல்லியிருந்தார். அங்கும் அவருக்குக் குரல் எழும்பவில்லை, தின்ஷா வாச்சா வாங்கிப் படித்தார். அடுத்து சென்னை. பச்சையப்பன் மண்டபத்தில், அச்சிட்ட பேச்சு கையில் இருக்க, தம் வழக்கத்துக்கு நீளமான உரையை அவர் நிகழ்த்தினார். கூட்டம் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டதாக எழுதியிருக்கிறார். பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளிக்காக அவர் வாதாடியது சென்னைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கூட்டத்துக்குச் சொல்ல ஓர் ஆளின் கதை கையில் இருக்கும்போது, பேசுபவரின் கவனம் தன்னை விட்டு அந்த ஆளிடம் போய்விடுகிறது. அறிமுகம் செய்பவருக்கும் இந்த வசதி உண்டு. அவர் பேச வேண்டியது தம்மைப் பற்றி அல்ல, விருந்தினரைப் பற்றித்தான்.

இதயம் தட்டாமல் இருக்கப் ப்ரொப்ரனலால் மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறுபவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர அதைத் தொடக்கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிப் பேராபத்தில் விட்டுவிடும். விழாவுக்கு முன் காபியை ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வதும் சிறு குப்பித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பான ஏற்பாடுகள்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுவில் எல்லாம் வெறுமையாகிப் போகலாம். அப்போது மூன்றாம் அட்டைக்கு நேராகத் தாவிவிட வேண்டும். பத்மஸ்ரீயும் 2016உம் விட்டுப்போனால் விருந்தினர் வருத்தப்படப் போவதில்லை. அடியில் எழுதியிருக்கும் வாக்கியத்தை, பெயரில் அழுத்தம் கொடுத்து நிதானமாகப் படித்தால் கூட்டம் கைதட்டும், விருந்தினர் எழுந்து வருவார். அவர் மைக்கை அடையும் வரை அங்கேயே நின்று, வணங்கி, மைக்கை அவர் உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அவர் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்க வேண்டும். குறுகிய மேடையில் இருவரும் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்த வழியையும் விழாவுக்கு முன்பே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.